செந்தூரப் பொட்டலமும் காலை மாத்திரையும்: ஒரே வீட்டில் நடந்த இரண்டு தவறுகள்

மருந்துக்கடைக்கு மாதா மாதம் வரும் பெரியவர் ஒருவர், வயது 61. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், மனைவிக்குத் தைராய்டு மாத்திரை. இந்த மூன்றும் அவர் கேட்பதற்கு முன்பே என் கை எடுத்துவிடும். ஒருநாள் கூடவே, "கால் வீங்குது தம்பி, நீர் இறங்குற மாத்திரை ஒரு அட்டை குடு" என்றார். கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. காலையில் எழுந்தால் கண்ணிமையும் உப்பியிருக்கிறதாம்.

"வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களாண்ணே?"

"ஒண்ணுமில்ல. மூட்டுவலிக்கு ஒரு செந்தூரம், தேன்ல குழைச்சு. அது மருந்துல சேராதே."

முதல் தவறு அந்தக் கடைசி வார்த்தைதான். டாக்டர் "என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டால் பலரும் அட்டையில் வரும் மாத்திரையை மட்டும்தான் சொல்கிறார்கள். பொட்டலத்தில் வருவது அவர்கள் கணக்கில் உணவுக்கும் மருந்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பெரியவர் நான்கு மாதமாக இரண்டு வேளையும் சாப்பிட்டிருக்கிறார். மூட்டுவலி குறைந்தது என்னவோ உண்மை. பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னேன். சிவப்புப் பொடி, மேலே பெயரும் இல்லை, சேர்மானமும் இல்லை. கொடுத்தவரிடம் போனில் கேட்டபோது ஒளிக்காமல் சொன்னார்: லிங்கம் சேர்ந்தது.

லிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த தாது. எடையில் ஏறக்குறைய 86 சதவீதம் பாதரசம். செந்தூரத்தை அளக்கும் குன்றிமணி எடை என்றால் சுமார் 130 மில்லிகிராம். அந்த அளவு லிங்கத்தில் 110 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கும். "சுத்தி செய்து புடம் போட்டால் விஷம் போய்விடும்" என்பதுதான் இதற்கு வழக்கமான பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. கந்தகத்தோடு இறுகிய பாதரசம் நீரில் அநேகமாகக் கரைவதில்லை. குடலில் மிகச் சிறிய பங்குதான் உறிஞ்சப்படுகிறது. இவ்வளவு சாப்பிட்டும் மனிதர் நடமாடிக்கொண்டிருந்தது அதனால்தான். ஆனால் புடம் போட்டதால் பாதரசம் காணாமல் போகாது. வடிவம்தான் மாறுகிறது. அரைகுறையாகச் செய்த பக்குவத்தில் கந்தகத்தோடு சேராத பாதரசமும் மிஞ்சும். அந்தச் சிறிய பங்கு தினமும் இரண்டு வேளை என்று மாதக்கணக்கில் சேரும் இடம் சிறுநீரகம். பூரம், வீரம் என்ற பெயர்களில் வருபவையும் பாதரசச் சேர்மங்களே. வீரம் நீரில் நன்றாகவே கரையும், அதன் கதை இன்னும் மோசம்.

நீர் இறங்கும் மாத்திரையைக் கொடுக்காமல் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பினேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த மாத்திரை வீக்கத்தை வடியவைத்திருக்கும். காரணம் இன்னும் சில மாதம் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது தவறு இங்கேதான் நடக்க இருந்தது. மூன்று வாரம் முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டி, "கிரியாட்டினின் 0.9 தம்பி, கிட்னி நல்லாத்தான் இருக்கு" என்றார். பாதரசம் இந்த வகையில் முதலில் கெடுப்பது வடிகட்டியின் சல்லடையை. கழிவை வெளியேற்றும் வேலை அப்போதும் நடக்கிறது, அதனால் கிரியாட்டினின் அசையாது. சல்லடையில் ஓட்டை விழுந்து புரதம் ஒழுகுவது சிறுநீரில் மட்டும்தான் தெரியும். சிறுநீர் நுரைத்து, நுரை சீக்கிரம் அடங்காமல் நிற்பது வீட்டிலேயே காணக்கூடிய அறிகுறி. அவருக்குச் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் மூன்று பிளஸ். 24 மணி நேரச் சிறுநீரில் 5.8 கிராம் புரதம். சாதாரணமாக இது 0.15 கிராமுக்குள் இருக்க வேண்டும். ரத்தத்தில் ஆல்புமின் 2.2-க்கு இறங்கியிருந்தது.

சர்க்கரை நோயாளி என்பதால் "சர்க்கரைதான் கிட்னியில் இறங்கிவிட்டது" என்று முடிவுகட்டுவது சுலபம். சர்க்கரையால் வரும் புரத ஒழுக்கு பெரும்பாலும் வருடக்கணக்கில் மெல்ல ஏறும், கண் விழித்திரையிலும் தடயம் விடும். இவருக்குப் போன வருடச் சீட்டில் புரதம் இல்லை, விழித்திரையும் சுத்தம். நான்கு மாதத்தில் இப்படி ஒழுகியதால் சிறுநீரக மருத்துவர் சதை எடுத்துப் பார்த்தார். சிறுநீரகச் சல்லடையின் சுவர் தடிக்கும் மெம்பரனஸ் நெஃப்ரோபதி, அதுவும் நெல்-1 என்ற புரதம் படிந்த வகை. 2022-இல் வெளியான ஓர் ஆய்வு இதே வகையைப் பற்றியது. அந்த நோயாளிகளில் கணிசமானோர் நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தார்கள், மருந்துகளில் பாதரசம் இருந்தது, நிறுத்திய பின் பெரும்பாலோருக்கு ஒழுக்கு குறைந்தது. கேரளத்தில் முகம் வெளுக்கும் களிம்பு பூசியவர்களிடமும் இதே நோய், இதே பாதரசம் காணப்பட்டது. நெல்-1 சில புற்றுநோய்களோடும் வரும் என்பதால் பெரியவருக்கு அதையும் சோதித்து, இல்லை என்று உறுதி செய்தார்கள்.

சிகிச்சை பெரிதாக ஒன்றுமில்லை. செந்தூரம் நின்றது. டெல்மிசார்டன் அளவு கூடியது. அது புரத ஒழுக்கையும் குறைக்கும். உப்பு குறைந்தது. வலிக்கு டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் கூடாது என்றார்கள், அவையும் இதே சிறுநீரகத்தைத்தான் அழுத்தும். மூன்றாம் மாதம் ஒழுக்கு 2 கிராம். பத்தாம் மாதம் 0.3-க்குக் கீழே. எல்லோருக்கும் இப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது. வடு விழுந்த பிறகு நிறுத்துகிறவர்களுக்குத் திரும்பாது.

ஒரு சிறு குறிப்பு. பாதரசம் இருக்கிறதா என்று சோதிக்கும்போது ரத்தத்தை மட்டும் பார்த்தால் குழப்பம் வரும். மீன் அடிக்கடி சாப்பிடுகிறவர்களுக்கு மீனில் உள்ள பாதரசமே ரத்த அளவை ஏற்றிவிடும். மருந்து வழி வரும் பாதரசத்துக்குச் சிறுநீர் அளவுதான் நல்ல சாட்சி. அதைவிட நல்ல சாட்சி மிச்சமிருக்கும் பொடி, அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

சரி, பொட்டலத்தை எப்படிப் படிப்பது? சேர்மானப் பட்டியலில் ரசம், லிங்கம், பூரம், வீரம் இருந்தால் பாதரசம். தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் என்றால் ஆர்சனிக். கருவங்கம் என்றால் ஈயம். ஆயுர்வேத லேபிளில் பாரதம், ஹிங்குலம், கஜ்ஜலி மூன்றும் பாதரசத்தைக் குறிக்கும். மிகவும் ஏமாற்றும் பெயர் நாகம். சித்த மருத்துவத்தில் நாக பற்பம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் என்றால் ஈயம்! ஒரே பெயர், வேறு உலோகம். இணையத்தில் ஒன்றின் பயனைப் படித்துவிட்டு மற்றதை வாங்குகிறவர்கள் உண்டு. ஈயத்தின் அறிகுறிகள் வேறு மாதிரி: பிடித்துப் பிடித்து வரும் வயிற்றுவலி, மலச்சிக்கல், காரணம் தெரியாத ரத்தசோகை. கர்ப்பிணிக்கு ஈயம் ஏறினால் குழந்தைக்கும் போகும். நியூயார்க்கில் 2011–12-இல் இந்திய ஆயுர்வேத மாத்திரைகள் சாப்பிட்ட ஆறு கர்ப்பிணிகளுக்கு ஈய நச்சு கண்டுபிடிக்கப்பட்டது.

"ஹெவி மெட்டல் டெஸ்ட் பாஸ்" என்று விளம்பரத்தில் பார்த்து நம்புவது இன்னொரு தவறு. ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பி.பி.எம். என்ற வரம்புகள் மூலிகை மட்டும் உள்ள மருந்தில் தற்செயலாகக் கலக்கும் உலோகத்துக்கானவை. உலோகமே சேர்மானமாக உள்ள செந்தூரத்துக்கும் பற்பத்துக்கும் அந்த வரம்பு பொருந்தாது. அவற்றின் லேபிளில் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது விதி. அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் போடச் சொல்கிறது சட்டம். நம்மூர்ப் பாட்டி எதைப் படிப்பார் என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை போலும். பெயரும் சேர்மானமும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலத்தில் படிக்க எதுவுமே இல்லை, ஆகவே அதை வாங்கக் கூடாது. அரசு சித்த மருத்துவப் பிரிவுகளில் பட்டம் பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். பொட்டலத்தைக் காட்டிக் கேட்கலாம்.

இனி அந்த வீட்டின் இரண்டாவது கதை. கணவருக்கு இவ்வளவு நடந்த பிறகுதான் அம்மா தன் டப்பாவையும் எடுத்து வந்தார். ரத்தசோகைக்கு அன்னபேதி செந்தூரம். இது பாதரசம் இல்லை, இரும்பு. ஆனால் அவருடைய தைராய்டு மாத்திரை ஆறு மாதத்தில் 50-இலிருந்து 75, அப்புறம் 100 மைக்ரோகிராம் என்று ஏறியும், தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.ஹெச். 14-இலேயே நின்றது ஏன் என்பது அப்போதுதான் புரிந்தது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, அதே கையோடு செந்தூரம். இரும்பு குடலிலேயே தைராக்ஸினைப் பிடித்துக்கொள்ளும். சங்கு பற்பம், பவழ பற்பம் போன்ற சுண்ணாம்புச் சத்துள்ளவையும் அப்படியே. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் போன்ற கிருமிக்கொல்லிகளையும் இவை கட்டிப்போடும். தைராய்டு மாத்திரைக்கும் இவற்றுக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அம்மா செந்தூரத்தை மதியத்துக்கு மாற்றினார். ஆனால் இதோடு விட்டால் அடுத்த தவறு: இப்போது 100 முழுவதும் உடலில் சேரும், படபடப்பு வரும். ஆறு வாரம் கழித்து மறுபடி சோதித்ததில் அளவை 75-க்கு இறக்க வேண்டியிருந்தது.

மற்ற சேர்க்கைகளில் கடையில் அடிக்கடி பார்ப்பது அதிமதுரம். இருமலுக்கென்று வாரக்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீர் இறங்கும் மாத்திரையும் சேர்ந்தால் பொட்டாசியம் இன்னும் விழுந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். சிறுகுறிஞ்சானைக் கிளிமிபிரைடோடு சேர்த்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும்.

கல்லீரலுக்கு உலோகமே தேவையில்லை. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். அமுக்கராவிலும் அப்படிச் சிலருக்கு வந்திருக்கிறது. கண் மஞ்சளாகி, சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்துக்குப் போனால் உடனே எல்லாப் பொடியையும் நிறுத்திவிட்டு எஸ்.ஜி.பி.டி., பிலிருபின் பார்க்க வேண்டும். அதன் மேல் காமாலைக்கு இன்னொரு மருந்து குடிப்பதைத்தான் நம்மவர்கள் முதலில் செய்கிறார்கள்.

உடனே நிறுத்தக் கூடாத ஒரு பொடியும் உண்டு. பல வருட மூட்டுவலியை இரண்டே நாளில் அடக்கி, பசியைக் கூட்டி, முகத்தை உருண்டையாக்கும் பெயரில்லாப் பொடியில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருக்க வாய்ப்புண்டு. வாரக்கணக்கில் சாப்பிட்டபின் திடீரென்று விட்டால் அழுத்தம் விழுந்து மயங்கிப் போவார்கள், உயிருக்கே ஆபத்தாகலாம். அன்றைக்கே பொட்டலத்தோடு டாக்டரிடம் போய், எப்படி இறக்குவது என்று கேட்டு இறக்க வேண்டும்.

பெரியவர் இப்போது மாதச் சீட்டோடு வரும்போது சிறுநீர்ப் பரிசோதனைத் தாளையும் நீட்டுகிறார். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரரின் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து நீட்டினார். "இதுல என்ன இருக்குன்னு பாரு தம்பி, அவன் கேட்க வெட்கப்படுறான்."