ஏப்ரல்ல ரங்கூன் போறீங்களா, பெரியவங்களை ஆபீஸ் வாசல்ல நிக்க வைக்காதீங்க

பெட்டில என்ன எடுத்து வைக்கணும்னு நான் எழுதப் போறதில்ல, ஊறுகாய் பாட்டிலை எப்படி சுத்தணும்னு உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வெயிலப் பத்தி. இங்க லண்டன்ல பிள்ளைங்களுக்கு ஈஸ்டர் லீவு, அங்க திஞ்சான் தண்ணி திருவிழா, அதை ஒட்டியே நம்ம கோயில்கள்ல தீமிதி, எல்லாம் சேர்ந்து மார்ச் ஏப்ரல்ல வர்றதால நம்மாளுங்க கூட்டமா அப்பத்தான் ஊருக்குப் போறோம். பர்மாவுல வருஷத்துலயே மோசமான வெயிலும் அப்பத்தான். 2024 ஏப்ரல் 28-ம் தேதி மக்வே பக்கம் சௌக்ல 48.2 டிகிரி அடிச்சுது, அப்போ ரங்கூன்ல 40 தான். 40 தானேன்னு நினைக்காதீங்க, ரங்கூன் காத்துல ஈரம் ஜாஸ்தி, வேர்வை வழியுமே தவிர காயாது. வேர்வை காஞ்சாத்தான் உடம்பு சூடு இறங்கும், சும்மா வழிஞ்சு சட்டைய நனைச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல.

வெளிநாட்டுல இருந்து போறவங்கள பார்த்ததும் சொந்தக்காரங்களுக்கு ஒரு வேலை ஞாபகம் வந்துரும். எங்க வீட்டுல அது தாத்தா மனை. பல வருஷமா தூங்கிட்டிருந்த ஃபைல், நான் வந்து இறங்குன உடனே முழிச்சிக்கிச்சு, நீ வந்திருக்கப்பவே கையெழுத்து போட்டாத்தான் ஆச்சு, அடுத்து எப்ப வருவியோ யார் இருப்போமோன்னு அத்தை ஆரம்பிச்சாங்க. அந்த "யார் இருப்போமோ"வுக்கு வெளிநாட்டுல இருக்கிற எவனாலயும் பதில் சொல்ல முடியாது. சரின்னு கிளம்பினோம். பெரியப்பாவும் வரணுமாம், ஏன்னா வீட்டு பேர் பட்டியல்ல குடும்பத் தலைவர் அவர்தான். வயசு எழுபத்தஞ்சு தாண்டியாச்சு, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறவர், அதுல ஒண்ணு நீர் மாத்திரை. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

காலைல சீக்கிரமே போயாச்சு. அதிகாரி வரல. வந்தப்புறம் ஒரு நகல் பத்தாதுன்னாங்க, எடுத்துட்டு வந்தா முத்திரை வைக்கிறவர் சாப்பிடப் போயிட்டாராம். வெளிய உக்கார இடம்னா ஒரு தகரக் கூரை, ரெண்டு பெஞ்சு. தகரத்துக்கு கீழ நிழல் இருக்கும், குளிர்ச்சி இருக்காது. மத்தியானம் அந்த தகரமே மேல இருந்து சூட்டை இறக்கும், தலைக்கு மேல கைய நீட்டிப் பார்த்தாலே தெரியும். கரண்டும் இல்ல, ஃபேனும் இல்ல. இதைவிட பக்கத்துல ஒரு வேப்ப மரமோ வாகை மரமோ இருந்தா அங்க போய் நிக்கிறது எவ்வளவோ மேல்.

நான் பாட்டிலை நீட்டுறப்ப எல்லாம் பெரியப்பா "வேணாம்யா, தாகமில்ல"ன்னாரு. பாதி நிஜம், பாதி பொய். வயசானா மூளைக்கு தாகம் சரியா உறைக்காது, உடம்பு காஞ்சு கிடந்தாலும் வாய் கேக்காது, அது நிஜம். பொய் என்னன்னா அந்த ஆபீஸ்ல வர்றவங்களுக்குன்னு கக்கூஸ் கிடையாது. பெரியவங்க வெளிய கிளம்புறதுக்கு முன்னாடியே தண்ணிய நிறுத்திருவாங்க, ஒண்ணுக்கு போக இடம் இல்லன்னு, கேட்டா சொல்லவும் மாட்டாங்க, பெண்கள் இன்னும் மோசம். அதனால பெரியவங்களுக்கு "தண்ணி குடிங்க"ன்னு சொல்றது அரை வேலைதான், எங்க போகலாம்னு முதல்லயே பார்த்து வச்சுட்டு, "பெரியப்பா, அந்த டீக்கடைல இடம் இருக்கு, நான் கேட்டுட்டேன்"னு சொல்லிட்டு அப்புறம் டம்ளரை நீட்டுங்க, குடிப்பாங்க. மணிக்கு ஒரு டம்ளர், நாள் முழுக்க ரெண்டுல இருந்து மூணு லிட்டர், இதுதான் வெயில் காலத்துல பொதுவா சொல்ற அளவு. ஆனா இதய பலவீனம், கிட்னி கோளாறு இருந்து டாக்டர் தண்ணிய அளந்து குடிக்கச் சொல்லியிருந்தா இந்தக் கணக்கு அவங்களுக்கு இல்ல, ஊருக்கு போன உடனே டாக்டர்கிட்டயே கேட்டுக்கங்க. நீர் மாத்திரையையும் சேர்த்துக் கேளுங்க, அது தண்ணியையும் உப்பையும் வெளிய தள்ளிட்டே இருக்கும், வெயில் நாள்ல என்ன செய்யணும்னு அவர் சொல்லட்டும், நீங்களா நிறுத்தாதீங்க.

முதல் அறிகுறி என்னமா வந்துச்சுன்னு சொல்றேன், ஏன்னா மயங்கி விழுறதுதான் அறிகுறின்னு எல்லாரும் காத்துட்டிருக்கோம். முன்னாடியே தலைவலிக்குதுன்னாரு, குமட்டுதுன்னாரு, காலை நீவி விட்டுக்கிட்டாரு. இதெல்லாம் உடம்பு சூட்டுல களைச்சுப் போனதுக்கு அடையாளம், இந்த கட்டத்துல நிழலுக்கு கொண்டு போய், சட்டைய தளர்த்தி, ஈரத்துணி போட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஓஆர்எஸ் தண்ணி குடுத்தா பெரும்பாலும் தேறிருவாங்க. அத்தை என்ன சொன்னாங்க, "காலைல சாப்பிடல, அதான்". அப்புறம் ஒருவழியா உள்ள கூப்பிட்டாங்க. கிளார்க் பர்மிய மொழில பேர் கேட்டாரு. பெரியப்பா தமிழ்ல பதில் சொன்னாரு. வாழ்நாள் பூரா பர்மாக்காரங்களோட யாவாரம் பண்ணுனவர், அவங்களை மாதிரியே பேசுவாரு, அவர் அந்த ஆள் முகத்தைப் பார்த்து தமிழ்ல பதில் சொல்றாரு, நாக்கு வேற குழறுது. கிளார்க் சிரிச்சாரு. அடுத்து பெரியப்பா என்னைப் பார்த்து "உங்கம்மா சாப்பிட்டாளா"ன்னாரு. எங்கம்மா காலமாகி வருஷம் ஆச்சு.

வயசாச்சு, குழம்பிட்டாருன்னு பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க. சட்டை தொப்பலா நனைஞ்சிருந்தது, அதைக் காட்டி "நல்லா வேர்க்குதே, அப்புறம் என்ன"ன்னாங்க. இதுதான் ஆளைக் கொல்ற பேச்சு. ஹீட் ஸ்ட்ரோக்னா வேர்வை நின்னு தோல் காஞ்சு போகும்னு எல்லாரும் படிச்சிருக்கோம், காயவும் செய்யும், வேர்த்துக் கொட்டவும் செய்யும். அடையாளம் தோல்ல இல்ல, தலைல இருக்கு. வெயில்ல இருந்த ஆள் சம்பந்தமில்லாம பேசினாலோ, தள்ளாடினாலோ, காரணமில்லாம எரிஞ்சு விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ, அது ஹீட் ஸ்ட்ரோக்தான்னு எடுத்துக்கிட்டு வேலைய ஆரம்பிச்சிருங்க. உடம்பு உள்சூடு 40-க்கு மேல போயிருக்கும், அக்குள்ல தெர்மாமீட்டர் வச்சா குறைச்சுத்தான் காட்டும், அதை நம்பி உக்காந்துறாதீங்க.

அத்தை சொம்புல தண்ணிய வாயில ஊத்த வந்தாங்க. தடுத்தது யாருன்னா, அடுத்த காம்பவுண்டுல சுவர் எழுப்பிட்டிருந்த ஒரு கொத்தனார், பெகு பக்கத்து தமிழ் ஆளு. "வாயில ஊத்தாதீங்கம்மா, புரை ஏறிரும், மேல ஊத்துங்க"ன்னு சிமெண்ட் குழைக்கிற வாளியோட ஓடி வந்தாரு. தூக்கிட்டு போய் மரத்தடில ஒருக்களிச்சு படுக்க வச்சோம், சட்டைய கழட்டி லுங்கிய தளர்த்தி, தலைல இருந்து கால் வரை தண்ணிய ஊத்தி ஊத்தி, என் கையில இருந்த ஃபைல் அட்டையாலயே விசிறினோம் (அந்த ஃபைல் உருப்படியா செஞ்ச ஒரே காரியம்). ஈரமும் காத்தும் சேரணும், அதுதான் சூத்திரம். காத்தே 40-க்கு மேல இருக்கிறப்ப நனையாத உடம்பு மேல ஃபேன் போட்டா சூடுதான் ஏறும். எதிர்ல கரும்புச்சாறு வண்டிக்காரர் ஐஸ் உடைச்சுக் குடுத்தாரு, துணில சுத்தி கழுத்து, ரெண்டு அக்குள், தொடை இடுக்குல வச்சோம். யாரோ பாரசிட்டமால் நீட்டினாங்க, அது காய்ச்சலுக்குத்தான் கேக்கும், இந்த சூட்டுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆம்புலன்ஸ் 192-க்கு போட்டா எப்ப வரும்னு சொல்ல முடியாதுன்னு ஊர்க்காரங்க ஏரியாவுல தர்மத்துக்கு வண்டி ஓட்டுற குழுவைத்தான் கூப்பிட்டாங்க, போய் இறங்கின உடனே அந்த நம்பரை ஃபோன்ல போட்டு வச்சுக்கங்க. வண்டி வர்ற வரைக்கும் தண்ணி ஊத்துறத நிறுத்தல. முதல்ல குளுமை, அப்புறம்தான் வண்டி ஏத்துறது, இந்த வரிசைய மாத்தாதீங்க.

அந்த கொத்தனாரை மறுபடி போய் பார்த்தேன், உங்களுக்கு எப்படி தெரியும்னு கேட்டேன். "எங்க சித்தாள் ஒருத்தன் போயிட்டான் சார், புதுப் பையன்"ன்னாரு. வேலைக்கு சேர்ந்த புதுசுலதான் சாவாங்கன்னு அவரே சொன்னாரு, அது சரிதான், உடம்பு வெயிலுக்கு பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், புது ஆளுக்கு முதல் நாள் வழக்கமான வேலைல அஞ்சுல ஒரு பங்கு மட்டும் குடுத்து தினம் கொஞ்சம் கூட்டணும். மேஸ்திரி எவர் கேக்குறார். வீட்டு வேலை, கோயில் வேலைன்னு ஊருக்கு பணம் அனுப்புற நாமதான் இதை கேக்கணும், "திஞ்சானுக்குள்ள முடிச்சிருங்க"ன்னு இங்கிருந்து ஃபோன்ல அவசரப்படுத்துறது அங்க யார் தலைல விடியுதுன்னு பாருங்க. அவர் தண்ணி குடிக்கிற முறை நல்ல முறை, கால் மணிக்கு ஒரு டம்ளர், தாகம் எடுக்கிற வரை காத்திருக்கிறதில்ல. ரொம்ப நேரம் வேர்க்கிற நாள்ல வெறும் தண்ணியையே மொடக் மொடக்குன்னு குடிச்சுட்டே இருந்தா ரத்தத்துல உப்பு குறைஞ்சு அதுவும் ஆபத்து, மணிக்கு 1.4 லிட்டரை தாண்டக் கூடாது. வேளாவேளைக்கு சாப்பாடு உள்ள போனா உப்பு கிடைச்சிரும், இல்லாட்டி ஓஆர்எஸ். பாக்கெட் இல்லன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணில தலை தட்டின டீஸ்பூனால ஆறு சர்க்கரை, அரை உப்பு. உப்பை கூட்டிறாதீங்க. நாட்டுச் சாராயம் குடிச்சிட்டு வெயில்ல ஏறுறவன் கணக்கு தனி, அதை அவரே சிரிச்சுட்டு சொன்னாரு.

நீங்களும் லண்டன்ல இருந்து இறங்கின புது ஆளுதான், அதை மறந்துறாதீங்க, பிறந்த ஊருங்கிறது உடம்புக்கு தெரியாது.

பெரியப்பா பிழைச்சாரு. கிட்னிக்கு ரத்தம் எடுத்து பார்த்துட்டே இருந்தாங்க, பேச்சு தெளிய நேரம் ஆச்சு. வீட்டுக்கு வந்தப்புறம் கரண்ட் இல்லாத ராத்திரிதான் கஷ்டம், ராவுல உடம்பு ஆறலன்னா மறுநாள் வெயில் அதுமேலயே ஏறும். ஜன்னல் பக்கம் தரைல பாய், நனைச்சுப் பிழிஞ்ச துண்டு, படுக்கறதுக்கு முன்னாடி ஒரு குளியல். தனியா இருக்கிற பெரியவங்கள காலைலயும் சாயங்காலமும் யாராவது எட்டிப் பார்த்து ரெண்டு வார்த்தை பேச வைக்கணும், பேச்சுலதான் தெரியும். வீடியோ கால்ல "நல்லா இருக்கேன்யா"ன்னுதான் சொல்வாங்க, அதனால இன்னைக்கு என்ன கிழமை, காலைல என்ன சாப்பிட்டீங்கன்னு கேளுங்க. ஒண்ணுக்கு கடும் மஞ்சளா போகுதான்னும் கூச்சப்படாம கேட்டுருங்க, சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மஞ்சளா போகும், அதையும் விசாரிச்சுக்கங்க.

ஒருதடவை ஹீட் ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு கொஞ்ச காலம் வெயில் தாங்காது. போன வாரம் அத்தை கூப்பிட்டாங்க, முத்திரை இன்னும் வைக்கலயாம், பெரியப்பாவ ஒருதடவை கூட்டிட்டு வரச் சொல்றாங்களாம். பனிக்காலம் வரட்டும், டிசம்பர்ல நானே டிக்கெட் போட்டு வர்றேன், அதுவரைக்கும் அவர் அந்த தெருப் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அத்தைக்கு கோபம்தான்.