46 என்று அளந்த கரியில் 111 எப்படி வந்தது? லாங்முயிர் நேர்கோட்டை வரைந்து பார்ப்போம்

கரியின் பரப்பு முழுவதும் ஒரே ஒரு அடுக்காக வாயு மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டால் எவ்வளவு வாயு பிடிக்கும்? அதைத்தான் ஒற்றை அடுக்குக் கொள்ளளவு என்கிறோம். 273 கெல்வினில் கரி மீது கார்பன் மோனாக்சைடு பரப்பு கவரப்பட்ட, பாடங்களில் அடிக்கடி வரும் அளவீட்டையே எடுத்துக்கொள்வோம். அழுத்தம் p கிலோபாஸ்கலில், கவரப்பட்ட கனஅளவு V, 1 வளிமண்டல அழுத்தத்துக்கு மாற்றிய கன செ.மீ.யில்.

முதலில் V-ஐ p-க்கு எதிராக வரையுங்கள். கோடு மேலே போகப் போகச் சற்றே வளையும், ஆனால் எங்கும் தட்டையாகாது. கடைசிப் புள்ளி 46.1. அதையே கொள்ளளவு என்று எழுதிவிட வேண்டாம். முதல் தடவை நான் செய்த தப்பு அதுதான்.

லாங்முயிர் சமன்பாட்டை இப்படித் திருப்பிப் போட்டால் நேர்கோடு கிடைக்கும்:

p/V = p/Vm + 1/(K·Vm)

அதாவது p/V-ஐ p-க்கு எதிராக வரைந்தால் சாய்வின் தலைகீழே ஒற்றை அடுக்குக் கொள்ளளவான Vm. K என்பது பரப்பு கவர்தலின் சமநிலை மாறிலி. முதல் புள்ளிக்கு 13.3-ஐ 10.2-ஆல் வகுத்தால் 1.30. மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும்:

```python
import numpy as np
p = np.array([13.3, 26.7, 40.0, 53.3, 66.7, 80.0, 93.3])
V = np.array([10.2, 18.6, 25.5, 31.5, 36.9, 41.6, 46.1])
m, c = np.polyfit(p, p/V, 1)
print(1/m, m/c)
```

Vm சுமார் 111 கன செ.மீ., K சுமார் 0.0075 (கிலோபாஸ்கலுக்கு) என்று வரும். Vm-ஐ ஒரு மோல் வாயுவின் கனஅளவான 22,414 கன செ.மீ.யால் வகுத்தால் கிட்டத்தட்ட 4.9 மில்லிமோல். ஒரு கிராமுக்கு வேண்டுமென்றால் கரியின் எடையாலும் வகுக்க வேண்டும்.

சரி, 111-ஐ நம்பலாமா? அளந்ததில் மிக அதிகமான 46.1-கூட அதில் 42 சதவீதம்தான். மீதிப் பாதிக்கும் மேல் நாம் பார்க்காத இடத்தில் கோட்டை நீட்டி எடுத்தது. R² 0.998 என்று அழகாக இருந்தாலும் அதை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். முதல் மூன்று புள்ளிகளை மட்டும் பொருத்தினால் 101 வருகிறது. கடைசி மூன்றுக்கு 123. உண்மையான நேர்கோடாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சாய்வு படிப்படியாகக் குறைவதால், புள்ளிகள் கோட்டுக்கு இரு ஓரங்களில் கீழும் நடுவில் மேலுமாக வளைந்து நிற்கும். ஸ்கேலை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

எல்லா இடமும் ஒரே பலத்தில் பிடிக்கும் என்பது லாங்முயிரின் அனுமானம். கரியில் அப்படி இல்லை. நன்றாகப் பிடிக்கும் இடங்கள் குறைந்த அழுத்தத்திலேயே நிரம்பிவிடும். அப்புறம் பலவீனமான இடங்கள் மெல்ல நிரம்பும். அதனால் 111 என்று ஒரே எண்ணைக் கொடுக்காமல், பக்கத்தில் 101-ம் 123-ம் வந்ததையும் எழுதுங்கள். எண் இறுகவேண்டுமானால், V கிட்டத்தட்டத் தட்டையாகும் வரை அழுத்தத்தை ஏற்றி இன்னும் சில புள்ளிகள் எடுக்க வேண்டும்.