ஜூனில் துண்டு விழுந்தால் ஜூலையில் செய்யக் கூடாதவை

ஒரு மாதம் செலவு எகிறிவிட்டால் பெரும்பாலும் நடப்பது இரண்டில் ஒன்று. சிலர் கணக்கு எழுதுவதையே விட்டுவிடுவார்கள். சிலர், போன பணத்தை அடுத்த மாதமே முழுக்கப் பிடித்துவிட வேண்டும் என்று கிளம்புவார்கள். இரண்டாவது பொறுப்பான காரியமாகத் தெரிந்தாலும், கடைசியில் அதுவும் கணக்கு நோட்டை மூடி வைப்பதில்தான் முடிகிறது. ஏன் என்பதை ஒரு வீட்டுக் கணக்கை வைத்தே பார்க்கலாம்.

மாத வருமானம் 50,000. வாடகை, தவணை என்று மாறாத செலவு 18,000. வீட்டுச் செலவு 12,000, போக்குவரத்து 4,000, இதர செலவு 6,000, சேமிப்பு 10,000. ஜனவரியில் போட்ட இந்தத் திட்டம் மே வரை ஏதோ ஓடியது. ஜூனில் மட்டும் 40,000 ஆக வேண்டிய செலவு 53,000 ஆகிவிட்டது. துண்டு 13,000.

இதை அப்படியே ஜூலையில் குறைக்கப் பார்த்தால் என்ன ஆகும்? மாறாத செலவில் கைவைக்க முடியாது. மற்ற மூன்றும் சேர்ந்து 22,000தான். அதில் 13,000 கழித்தால், 9,000ஐ வைத்து ஒரு மாதத்தை ஓட்ட வேண்டும். இரண்டாவது வாரத்திலேயே அது உடையும். உடைந்ததும் ‘தலைக்கு மேல் வெள்ளம், சாண் என்ன முழம் என்ன’ என்ற மனநிலை வந்துவிடும். ஜூனில் விழுந்த துண்டைவிட ஜூலைத் துண்டு பெரிதாவது இப்படித்தான்.

அந்த 13,000 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். 10,000 சேமிப்புக்குப் போகாமல் நின்ற பணம். அது யாருக்கும் கொடுக்க வேண்டிய கடன் அல்ல. வருமானத்தைத் தாண்டிப் போனது 3,000 மட்டுமே, அது கிரெடிட் கார்டில் நிற்கிறது. ஆக, ஜூலையில் கட்டாயமாக அடைக்க வேண்டியது அந்த 3,000தான். அதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பில்லில் மிச்சம் வைத்தால் பொதுவாக வட்டியில்லாக் காலச் சலுகை போய்விடும். புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும்.

கார்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். ஜூன் 25 அன்று வாங்கியதை அன்றே எழுதிவிட்டு, ஜூலையில் பில் கட்டும்போது மறுபடியும் செலவாக எழுதினால், ஒரே தொகை இரண்டு மாதங்களிலும் ஏறிவிடும். அப்புறம் இல்லாத துண்டுக்கு வாயைக் கட்டி வயிற்றைக் கட்ட வேண்டியதுதான். வாங்கிய தேதியில் ஒருமுறை எழுதினால் போதும். பில் கட்டுவது செலவு அல்ல, பழைய பாக்கியைத் தீர்ப்பது.

<b>எல்லாவற்றையும் ஒரே கத்தியால் வெட்டுவது</b>

அடுத்த தவறு, ‘எல்லாத் தலைப்பிலும் பத்து சதவீதம் குறைப்போம்’ என்பது. நியாயமாகத் தோன்றும், ஆனால் எதையும் சரிசெய்யாது. நம் வீட்டின் ஜூன் துண்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. வருடாந்தரக் காப்பீட்டு பிரீமியம் 7,000. எதிர்பாராத ஒரு பழுதுக்கு 3,500. வீட்டுச் செலவு 12,000க்குப் பதில் 14,500 ஆனதால் 2,500.

பிரீமியம் வருடா வருடம் ஜூனில் வருவது. இது ஜனவரித் திட்டத்தில் விட்டுப்போன ஒன்றே தவிர, யாரும் தாராளமாகச் செலவு செய்ததால் வந்தது அல்ல. ஜூலையிலிருந்து மாதம் 600 தனியாக எடுத்து வைத்தால், அடுத்த ஜூனில் 7,200 கையில் இருக்கும். பழுதும் அதுபோலத்தான். எது கெடும் என்று சொல்ல முடியாது, ஏதாவது ஒன்று கெடும் என்று சொல்லலாம். பிப்ரவரியிலும் ஒரு பழுதுக்கு 2,500 சேமிப்பிலிருந்து போயிருக்கிறது. ஆக ஆறு மாதத்தில் 6,000. மாதம் 1,000 ஒதுக்கினால் இது சமாளிக்கக்கூடிய செலவாகிவிடும்.

வீட்டுச் செலவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஜூன் அதிகம் என்று தெரிகிறது. சரி, மற்ற மாதங்கள்? ஜனவரி முதல் மே வரை 12,800, 12,400, 13,100, 13,600, 13,300. ஒரு மாதம்கூட 12,000க்குள் அடங்கவில்லை. ஐந்து மாதச் சராசரி சுமார் 13,000. அப்படியென்றால் 12,000 என்ற எண்ணே ஜனவரி உற்சாகத்தில் போட்டது. கூடுதலாகப் போன ஆயிரத்தை இத்தனை நாள் இதர செலவில் மிஞ்சிய பணம் தாங்கியிருக்கிறது. அதனால்தான் கண்ணில் படவில்லை. ஜூனின் உண்மையான மிகை 1,500 மட்டுமே. குறைத்துக்கொள்ள வேண்டியதும் அதைத்தான்.

இந்தச் சராசரியில் ஜூனைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்கவும். எகிறிய மாதத்தையும் சேர்த்து எண்ணை மாற்றினால், மிகையே புதிய வழக்கமாகிவிடும்.

இப்போது புதிய திட்டம்: மாறாத செலவு 18,000, வீட்டுச் செலவு 13,000, போக்குவரத்து 4,000, இதர செலவு 5,000, பிரீமியத்துக்கு 600, பழுதுக்கு 1,000. மீதி 8,400 சேமிப்பு. ஜூலையில் மட்டும் கார்டுப் பாக்கி 3,000 போக, சேமிப்பு 5,400. வாயைக் கட்ட வேண்டிய மாதம் என்று எதுவும் இதில் இல்லை.

<b>பழைய இலக்கைப் பிடித்துத் தொங்குவது</b>

ஜனவரியில் வைத்த இலக்கு வருடத்துக்கு 1,20,000. மே வரை சேர்ந்தது, பிப்ரவரியில் எடுத்த 2,500 போக, 47,500. ஜூனில் ஒன்றுமில்லை. இலக்கை மாற்ற மனமில்லாமல் மீதி 72,500ஐ ஆறு மாதத்துக்குப் பங்கு போட்டால் மாதம் 12,000க்கு மேல் வருகிறது. 10,000 எடுத்து வைக்கவே திணறிய வீட்டில் 12,000 எப்படி வரும்? புதிய திட்டப்படி டிசம்பர் முடிவில் கிடைப்பது 47,500 + 5,400 + 42,000, அதாவது 94,900. இலக்கை 95,000 என்று எழுதிக்கொள்வது தோல்வி இல்லை. பிரீமியத்துக்கும் பழுதுக்கும் ஒதுக்கிய 9,600 இதற்கு வெளியே இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. அதிலிருந்து செலவாகும் பழுது இனி சேமிப்பைத் தொடாது.

எழுதும் விதத்திலும் ஒரு சின்ன எச்சரிக்கை. பழைய மாதங்களின் ஒதுக்கீட்டை இப்போது திருத்தி, செலவோடு பொருத்திவிடாதீர்கள். ஜூன் வரை உள்ளது அப்படியே நிற்கட்டும். ஜூலைக்குப் புதிய பத்தி தொடங்குங்கள். திருத்திவிட்டால் 12,000 தவறான எண் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும். அதேபோல், ஜூன் 18 அன்றே துண்டு தெரிந்துவிட்டால் ஒன்றாம் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். ‘இந்த மாதம்தான் போச்சே’ என்று விடும் அந்தப் பன்னிரண்டு நாட்களில்தான் பெரிய செலவுகள் நடக்கும்.

புதிய எண்கள் சரியா என்பது ஆகஸ்ட் முடிவில் தெரிந்துவிடும். பழுதுக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து வீட்டுச் செலவுக்குக் கைமாற்று எடுத்திருந்தால், 13,000மும் போதவில்லை என்று பொருள். இதர செலவில் இருந்தோ சேமிப்பில் இருந்தோ இன்னும் கொஞ்சம் அங்கே நகர்த்த வேண்டும்.

வருமானமே குறைந்துவிட்ட வீட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே மாறாத செலவையே திறந்து பார்க்க வேண்டியிருக்கும். கார்டுப் பாக்கி ஒரு மாதச் சேமிப்பைவிடப் பெரிதாக இருந்தால், அவசரத்துக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, பாக்கி தீரும்வரை சேமிப்பை நிறுத்தி முழுவதையும் அங்கே திருப்புவதுதான் லாபம். அந்த வட்டியைத் தாண்டும் வருமானம் சாதாரணச் சேமிப்பில் வராது.