உற்பத்திக் கணக்கு: பாதி முடிந்த வேலையை மறந்தால் என்ன ஆகும்?

உற்பத்திக் கணக்கைப் புதிதாகப் போடுகிறவர்கள் கூட்டலில் சறுக்குவது குறைவு. அப்படிச் சறுக்கினாலும் மறுநாள் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் கூட்டல் பிழை, எண் மாறி எழுதுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். இருப்புநிலைக் குறிப்பு ஒத்துப்போன பிறகும் உள்ளே உட்கார்ந்திருக்கும் தவறுகள்தான் ஆபத்து. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் எல்லாம் சரியாக இருக்கும் ஒரு கணக்கு. ஒரே வகைப் பொருளைச் செய்யும் நிறுவனம்; அந்த ஆண்டில் 10,000 பொருள்கள் முடிந்து கிடங்குக்குப் போயின.

மூலப்பொருள் தொடக்க இருப்பு 40,000. கொள்முதல் 3,60,000, உள்தூக்குக் கூலி 8,000. திருப்பி அனுப்பியது 6,000, இறுதி இருப்பு 52,000. ஆக, பயன்படுத்திய மூலப்பொருள் 3,50,000. நேரடிக் கூலியாகக் கொடுத்தது 1,52,000, கொடுபட வேண்டியது 8,000, மொத்தம் 1,60,000. ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வளவு என்று கொடுத்த ராயல்டி 10,000. இவை மூன்றும் சேர்ந்த முதன்மை அடக்கம் 5,20,000.

தொழிற்சாலை மேற்செலவில் மேற்பார்வையாளர் சம்பளம் 38,000, மின்சாரம் 32,000, இயந்திரத் தேய்மானம் 30,000, வாடகையில் தொழிற்சாலையின் பங்கு 54,000, காப்பீடு 6,000. கூட்டினால் 1,60,000. மொத்தத் தொழிற்சாலைச் செலவு 6,80,000.

இந்த இடத்தில் பேனாவை மூடிவைக்கிறவர்கள் ஏராளம். கணக்கு இன்னும் முடியவில்லை. ஆண்டு தொடங்கும்போது பட்டறையில் பாதி முடிந்து கிடந்த வேலையின் மதிப்பு 35,000. ஆண்டு முடியும்போது அப்படிக் கிடப்பது 55,000. முன்னதைக் கூட்டி, பின்னதைக் கழித்தால் 6,60,000. செய்து முடித்த பொருள்களின் அடக்கம் அதுதான், ஒன்றுக்கு 66.

முடிவுறா வேலையை விட்டுவிடுவது

இறுதியில் கிடக்கும் 55,000 ஏன் மறந்துபோகிறது? இருப்பாய்வில் அது இல்லை என்பதே காரணம். தொடக்க இருப்பு ஏட்டில் பற்று இருப்பாக நிற்கும். தானாகவே கண்ணில் படும். இறுதி இருப்பை யாராவது பட்டறைக்குள் போய், எண்ணி, மதிப்பிட்டு எழுதினால்தான் உண்டு. மூலப்பொருளுக்கும் முடிந்த பொருளுக்கும் கிடங்கும் கிடங்குக்காரரும் இருப்பேடும் இருக்கின்றன. இயந்திரத்துக்குப் பக்கத்தில் பாதி வெட்டிய நிலையில் கிடப்பதற்குப் பெரும்பாலும் எந்த ஏடும் இருக்காது.

விட்டுவிட்டால் அடக்கம் 6,80,000 + 35,000 = 7,15,000 ஆகும்; ஒன்றுக்கு 71.50. பத்தாயிரத்தில் 9,000 விற்று 1,000 கையில் இருக்கிறது, ஆண்டுத் தொடக்கத்தில் முடிந்த பொருள் எதுவும் இருக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். விற்ற பொருளின் அடக்கம் 5,94,000 என்று வரவேண்டியது 6,43,500 என்று வரும். இலாபம் 49,500 குறையும். சொத்துப் பக்கத்தில் 55,000 காணாமல் போயிருக்கும். ஆனால் கையிருப்பு 1,000 பொருள்களை 71.50 வீதம் மதிப்பிடுவதால் 5,500 கூடியிருக்கும். நிகரக் குறைவு 49,500. இரண்டு பக்கமும் அதே தொகை குறைந்துவிட்டதால் இருப்புநிலைக் குறிப்பு பைசா பிசகாமல் ஒத்துப்போகும்.

எரிச்சலூட்டுவது இதுதான். "பேலன்ஸ் ஆகிவிட்டதே, அப்புறம் என்ன தப்பு?" என்று கேட்பார்கள். ஒத்துப்போவது, பற்றும் வரவும் சமம் என்பதற்கு மட்டுமே சான்று. எழுதாமலே விட்ட சொத்தை அது எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

இதைவிட மோசம் அடுத்த ஆண்டு. செலவு அதே 6,80,000, முடிந்தது அதே 10,000, இறுதியில் கிடப்பதும் அதே 55,000 என்று கொள்வோம். இந்த முறை அதை ஒழுங்காக எண்ணிக் கழிக்கிறார்கள். ஆனால் போன ஆண்டு எழுதாததால் தொடக்க இருப்பு பூஜ்யம். அடக்கம் 6,25,000, ஒன்றுக்கு 62.50. சரியான கணக்கில் 35,000-க்குப் பதில் 55,000 தொடக்கத்தில் வந்து 6,80,000 ஆகியிருக்கும், ஒன்றுக்கு 68. அதாவது உண்மையில் அடக்கம் 66-இலிருந்து 68-க்கு ஏறியிருக்கிறது, கணக்கோ 71.50-இலிருந்து 62.50-க்கு இறங்கியதாகச் சொல்கிறது. 62.50-ஐ நம்பி 67-க்கு ஓர் ஆர்டரை ஒப்புக்கொண்டால், இலாபம் என்று நினைத்து ஒவ்வொரு பொருளிலும் 1 இழப்பார்கள். இரண்டு ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்கிறவர்கள், நடுவில் வைத்த விலையை யார் திருத்துவது என்பதைச் சொல்வதில்லை.

பணத்தை வைத்துப் பார்த்தால் பிடிபடாத இந்தத் தவறு, எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் உடனே பிடிபடும். ஆண்டுத் தொடக்கத்தில் பாதியில் கிடந்தவை 800. மூலப்பொருள் வழங்கல் சீட்டுகளின்படி புதிதாகத் தொடங்கியவை 10,300. இரண்டும் சேர்ந்து 11,100. முடிந்து கிடங்குக்கு வந்தவை 10,000. உடைந்து வீணானது எதுவும் இல்லை. அப்படியானால் 1,100 பொருள்கள் பட்டறையில் இருந்தே ஆகவேண்டும். கணக்கில் முடிவுறா வேலை பூஜ்யம் என்று எழுதியிருந்தால், அந்த 1,100 எங்கே என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். இந்த ஒரு வரிக் கணக்கைப் போடாமல் உற்பத்திக் கணக்கில் கையெழுத்துப் போடக்கூடாது.

அந்த 1,100-க்கு 55,000 என்ற மதிப்பு எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். மூலப்பொருள் முழுவதும் வேலை தொடங்கும்போதே உள்ளே போய்விடுகிறது. ஒன்றுக்கு 34 வீதம் 37,400. கூலியும் மேற்செலவும் ராயல்டியும் சேர்ந்து ஒரு முழுப் பொருளுக்கு 32. வேலை பாதிதான் முடிந்திருப்பதால் 1,100 பொருள்கள் 550 முழுப் பொருள்களுக்குச் சமம், 17,600. (இங்கே ராயல்டியும் வேலை நடக்க நடக்கச் சேர்வதாகக் கொண்டிருக்கிறேன். முடிந்த பிறகுதான் கொடுக்கவேண்டும் என்பது ஒப்பந்தமானால் அதை நீக்கிவிடவேண்டும்.) பாதி முடிந்தது என்பதற்காக மூலப்பொருளையும் பாதியாக்கி 1,100 × 33 = 36,300 என்று எழுதுகிறவர்கள் உண்டு. மூலப்பொருள் எந்தக் கட்டத்தில் உள்ளே போகிறது என்று பட்டறையில் கேட்காததன் விலை அது: 18,700.

மேற்செலவைச் சேர்க்காமல் முதன்மை அடக்கத்தில் மட்டும் மதிப்பிட்டால், கூட்டல் கழித்தலை மேற்செலவுக்கு முன்பே முடிக்கவேண்டும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். கேள்வித்தாளில் அப்படிச் சொல்லியிருந்தால் அப்படியே செய்யுங்கள். வெளியிடும் நிதிநிலை அறிக்கைக்கு அந்த மதிப்பு போதாது. சர்வதேசக் கணக்கியல் தரநிலை ஐஏஎஸ் 2, சரக்கிருப்பின் அடக்கத்தில் உற்பத்தி மேற்செலவின் பங்கும் சேரவேண்டும் என்கிறது.

கூட்ட வேண்டியதைக் கழிப்பது

இது அதே இடத்தில் நடக்கும் இன்னொரு தவறு. ஆனால் இது சத்தம் போடும். 35,000-ஐக் கழித்து 55,000-ஐக் கூட்டினால் 7,00,000 வரும். இருப்புநிலைக் குறிப்பில் 55,000-ஐச் சரியாகவே எழுதியிருப்பதால் இரு பக்கமும் 40,000 வேறுபடும். வேறுபாட்டைப் பாதியாக்கிப் பாருங்கள்: 20,000. தொடக்க, இறுதி மதிப்புகளின் இடைவெளியும் அதுவே. அப்படி அமைந்தால் வேறெங்கும் தேடவேண்டாம்.

பட்டறையில் கிடக்கும் வெட்டாத மூலப்பொருள்

கிடங்கிலிருந்து வந்துவிட்டது, வேலை இன்னும் தொடங்கவில்லை. மூலப்பொருள் இருப்பில் எழுதுங்கள் அல்லது முடிவுறா வேலையில் எழுதுங்கள். இரண்டு பட்டியலிலும் எழுதாதீர்கள். எண்ணும்போதே சீட்டு ஒட்டிவிட்டால் சிக்கல் இல்லை.

சரிக்கட்டாமல் பங்கு பிரிப்பது

கட்டடத்தின் மொத்த வாடகையாகக் கொடுத்தது 66,000, கொடுபட வேண்டியது 6,000. தொழிற்சாலையின் பங்கு நான்கில் மூன்று. முதலில் 72,000 ஆக்கிவிட்டுப் பிரிக்கவேண்டும்: தொழிற்சாலைக்கு 54,000, அலுவலகத்துக்கு 18,000. 66,000-ஐப் பிரித்து 49,500 எடுத்து, அதன் மேல் 6,000-ஐ முழுதாகத் தொழிற்சாலைத் தலையில் கட்டினால் 55,500 வரும். மொத்த வாடகை மாறாது. அடக்கத்தில் 1,500 கூடும். முன்கூட்டிச் செலுத்திய காப்பீட்டுக்கும் இதே வரிசைதான்: முதலில் கழிக்கவேண்டும், பிறகு பிரிக்கவேண்டும்.

பிரிக்கும் அடிப்படையையும் கவனியுங்கள். வாடகைக்குத் தரைப் பரப்பு பொருந்தும். இயந்திரக் காப்பீட்டை அதே விகிதத்தில் அலுவலகத்துக்கும் பங்கு போடுவதில் அர்த்தமில்லை. இயந்திரம் இருப்பது ஒரே இடத்தில்.

முடிந்த பொருளின் இருப்பு

இந்தக் கணக்கில் வராது. வியாபாரக் கணக்குக்குப் போகும்.

விநியோக வண்டியின் தேய்மானம்

இலாப நட்டக் கணக்கு.

கழிவு விற்ற பணம்

விற்பனையோடு சேர்க்காதீர்கள். வெட்டிய துண்டுகள் மூலப்பொருளிலிருந்து வந்தவை என்றால் மூலப்பொருள் செலவில் கழியுங்கள். பட்டறையில் பொதுவாகச் சேர்ந்த குப்பை என்றால் மேற்செலவில் கழியுங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆண்டுதோறும் அதையே பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் முதன்மை அடக்கத்தை முந்தைய ஆண்டோடு ஒப்பிட முடியாது. பழைய இயந்திரத்தை விற்ற பணம் இதில் சேராது.