மதிலுக்கு அந்தப் பக்கத்தை எழுதும்போது

எங்கள் ஊர் எழுத்துப் பட்டறைக்குப் புதியவர்கள் கொண்டுவந்த கட்டுரைகளில் பாதி, கொண்டோவின் பத்தாவது மாடியில் தொடங்குகின்றன. கீழே துருப்பிடித்த தகரக் கூரைகள், ஆற்றோரத்தில் பாவப்பட்ட சனம். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். "சேரி" என்று எழுதக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

எது முதலில் வந்தது என்று கேட்காதது

"கொண்டோவை ஒட்டி முளைத்த குடியிருப்பு" என்று எழுதிவிட்டேன். அதைப் படித்த ஓர் அக்கா, "முளைச்சது நாங்க இல்ல தம்பி, கொண்டோதான்" என்றார். இன்றைக்கும் அந்த வரியை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அவர் வீட்டுக்குப் போனேன். அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். அப்பாவின் தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பழைய மின்கட்டண ரசீதுகள், தோட்டம் கைமாறியபோது வந்த காலிசெய்யும் கடிதம். பால்மரம் வெட்டிய குடும்பம். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனதும் வீடும் போனது. அவர்கள் ஆற்றோரம் வந்து மூன்று வருடம் கழித்துத்தான், அதே தோட்டத்து நிலத்தில் கொண்டோ எழும்பியது.

கோப்பின் அடியில் டி.ஓ.எல். இருந்தது, அரசு நிலத்துக்கான தற்காலிகக் குடியிருப்பு உரிமம். அந்த வருடம் டிசம்பர் 31-க்கு மேல் அது செல்லாது, புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவும் முடியாது, உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். அப்படிப்பட்ட மண்ணில் செங்கல் சுவர் எழுப்பப் பணத்தைக் கொட்ட யாருக்கு மனம் வரும்? நான் அலட்சியம் என்று நினைத்த பலகையும் தகரமும், கையில் இருப்பதைக் கவனமாகச் செலவழித்த கணக்கு. உள்ளே நல்ல சோபாவும் மகளின் பட்டமளிப்புப் படமும் இருந்தன. கூரையைப் பார்த்து உள்ளே இருப்பவர்களை எழுதியது என் தவறு.

ஆற்றோரத்தில் எல்லாருக்கும் டி.ஓ.எல். இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சிலருக்கு எந்தத் தாளும் இல்லை, சிலர் இன்னும் நிறுவன நிலத்தில் இருக்கிறார்கள். நிலம் யாருடையது, எந்தத் தாளில் இருக்கிறார்கள், மதில் எந்த வருடம் எழும்பியது, இந்த மூன்றையும் கேட்காமல் முதல் வரியைத் தொடாதீர்கள்.

"வறுமையிலும் சிரிக்கிறார்கள்"

வேண்டாம்.

இரண்டு உலகம்

கொண்டோ வாசலில் நிற்கும் ஜாகா ஆற்றோரத்துக்காரர். ஏழாம் மாடியில் சமைக்கும் அம்மா அடையாள அட்டையைக் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்திட்டால்தான் உள்ளே போகலாம். அவர் சமைக்கும் வீட்டுக்காரர் சைகை காட்டினால் போதும், தடுப்புக் கம்பி உயரும். உலகம் ஒன்றுதான், வாசலில் நடப்பதுதான் வேறு. அதை எழுதுங்கள்.

படம்

கேட்டுவிட்டு எடுங்கள்.

அப்புறம், அக்காவிடம் மறுபடி போய் அந்த வரியைத் திருத்தி வாசித்துக் காட்டினேன்: "ஆற்றோரக் குடியிருப்பை ஒட்டிக் கட்டப்பட்ட கொண்டோ." அவர் கோப்பை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, "வருஷத்தையும் போடுங்க தம்பி" என்றார்.