துபாயிலிருந்து குறுக்கு விசாரணை: காணொலியில் சாட்சி சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். விவாகரத்து வழக்கு சென்னை குடும்பநல நீதிமன்றத்தில் நடக்கிறது. அடுத்த கட்டம் அவருடைய குறுக்கு விசாரணை. வாய்தா அன்று லிங்க் வரும், வீட்டிலிருந்தே போனில் சேர்ந்துகொள்ளலாம் என்று இருந்துவிடுவதுதான் முதல் தவறு. காணொலிக்கு வழக்கறிஞர் மூலம் தனியாக இடைக்கால மனு போட்டு, உத்தரவு வாங்க வேண்டும்.

அந்த மனுவை எப்போது போடுகிறோம் என்பதும் முக்கியம். குடும்ப வழக்குகளில் சமரச முயற்சி தோற்ற பிறகே காணொலியை அனுமதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இரு தரப்பும் சம்மதித்துக் கேட்டால் அனுமதி எளிது. ஒரு தரப்பு மறுத்தாலும், நீதிக்கு அது உதவும் என்று நீதிமன்றம் கருதினால் உத்தரவிடலாம். அதனால் எதிர்த்தரப்பிடம் முதலில் பேசுங்கள். கவுன்சிலிங் எந்தத் தேதியில் தோல்வியில் முடிந்தது என்பதை மனுவிலேயே எழுதுங்கள். 'வேலை இருக்கிறது' என்ற ஒற்றை வரி போதாது. விசா, விடுப்பு விவரங்களையும் இணைக்க வேண்டும்.

அடுத்த தவறு இடத்தைப் பற்றியது. வெளிநாட்டிலிருந்து சாட்சியம் சொல்லும்போது, சாட்சி இருக்கும் முனையில் இந்தியத் தூதரக அதிகாரி ஒருவர் ஒருங்கிணைப்பாளராக இருப்பதுதான் விதிமுறை. சாட்சி யார் என்று சரிபார்ப்பதும், பக்கத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. வீட்டு அறையில் உட்கார்ந்தால், சாட்சியின் கண் கேமராவை விட்டு ஒரு முறை விலகினாலே எதிர்த்தரப்பு ஆட்சேபம் எழுப்பும். தூதரகத்தையும் நேரத்தையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். சென்னையில் காலை 10.30 என்றால் துபாயில் 9 மணி. வழக்கு எப்போது கூப்பிடப்படும் என்று தெரியாமல் அதிகாரியால் நாள் முழுக்கக் காத்திருக்க முடியாது.

அதிகம் சொதப்புவது ஆவணங்களில்தான். ஜீவனாம்சத்துக்காகச் சம்பளச் சீட்டைக் காட்டிக் கேள்வி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கறிஞர் தாளைக் கேமரா முன் தூக்கிப் பிடித்தால் சாட்சிக்கு வெள்ளைக் காகிதம்தான் தெரியும், எண்கள் தெரியாது. 'படிக்க முடியவில்லை' என்று பதிவாகி வாய்தா தள்ளிப்போகும். வழக்கில் சான்றாக எண்ணிட்டுக் குறித்த ஆவணங்களின் நகல்களைப் பக்க எண் போட்டு, நீதிமன்றம் வழியாக ஒருங்கிணைப்பாளருக்கு முன்கூட்டியே போய்ச் சேரச் செய்ய வேண்டும். '14ஆம் பக்கத்தைப் பாருங்கள்' என்றால் இரு முனையிலும் ஒரே தாள் விரிய வேண்டும். அசல் ஆவணங்கள் சென்னையில் வழக்கறிஞரிடம் தயாராக இருக்கட்டும்.

வாட்ஸ்அப் உரையாடலின் பிரிண்ட் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஏ பகுதியில் தரப்பினரும் பி பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பும் அதில் இருக்கும்.

விசாரணை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடாதீர்கள். பதிவான வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தவறாகப் பதிவான தொகையோ தேதியோ இருந்தால், நீதிபதி முன்னிலையில் அப்போதே சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.