கை மரத்துப்போகிறதா? நரம்புப் பரிசோதனைக்குக் கையைச் சூடாக வைத்துக்கொண்டு போங்கள்

ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் என் அத்தைக்கு இரவில் வலது கையின் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகும். உதறினால் சரியாகும். நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தியைக் கடத்துகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனையைச் சேலத்தில் எடுக்கச் சொன்னார்கள்.

டிசம்பர் காலையில் பஸ்ஸில் மலை இறங்கி வந்த கை ஜில்லென்று இருந்தது. டெக்னீஷியன் தொட்டுப் பார்த்ததுமே வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார். தோலின் சூடு 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் நல்ல நரம்பும் மெதுவாகத்தான் கடத்தும். இல்லாத நோய் ரிப்போர்ட்டில் வந்துவிடும். மலையிலிருந்து வருகிறவர்கள் கையைச் சூடாக்கிவிட்டு எடுக்கும்படி நீங்களே கேளுங்கள். கையில் எண்ணெய், கிரீம் தடவாதீர்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கட்டை விரலின் அடிச்சதையில் ஸ்டிக்கர் ஒட்டி, மணிக்கட்டில் சின்னச் சின்ன ஷாக் கொடுத்தார்கள். விரல் வெடுக்கென்று துள்ளும், அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டில் 'லேட்டன்சி' என்பது ஷாக் போய்ச்சேர எடுத்த நேரம். அத்தைக்குக் கட்டை விரல் பக்கம் போகும் நடு நரம்பில் 5.6 மில்லிசெகண்ட், பல லேப்களில் 4.4 வரை சரி. சுண்டுவிரல் பக்க நரம்பிலோ 2.8தான். ஒன்று மட்டும் தாமதம் என்றால் அது மணிக்கட்டில் நசுங்குகிறது. எல்லாமே தாமதம் என்றால் குளிரையோ சர்க்கரையையோ சந்தேகிக்க வேண்டும். அடுத்தது 'ஆம்ப்ளிட்யூட்', அலையின் உயரம். அது குறைந்தால் நரம்பு இழைகளே அழிகின்றன என்று பொருள். அத்தைக்கு அது குறையவில்லை. இரவில் மணிக்கட்டுப் பட்டை போடச் சொன்னார் டாக்டர்.

பாதம் எரிகிறது, ஆனால் ரிப்போர்ட் நார்மலா? மெல்லிய இழைகளின் கோளாறு இந்தப் பரிசோதனையில் தெரியாது. டாக்டரிடம் திரும்பப் போங்கள்.